மாலைக்கும் வார இறுதிக்கும் ஷிஃப்ட் போடுவது: எந்த முறையில் சம்பள மணி வீணாகாது?

பரிமாறும் பணியாளர்களுக்கு வாராந்திர டூட்டிப் பட்டியல் போடுபவர்கள் ஒரே வாரத்தில் இரண்டு விதமான புகாரைக் கேட்கிறார்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆள் போதவில்லை என்று கூடத்தை மேற்பார்ப்பவர் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்று முதலாளி சொல்கிறார். இரண்டும் உண்மைதான். ஆளைக் கூட்டினால் முதல் புகார் தீர்ந்து இரண்டாவது வளரும். குறைத்தால் நேர்மாறாக நடக்கும். ஆகவே ஆட்களின் எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன்னால், ஷிஃப்டின் நீளத்தையும் அது தொடங்கும் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பதே முறை. அப்படி மாற்றுவதற்குள்ள வழிகளை ஒரே எடுத்துக்காட்டின் மீது வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

பகல் 11 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருக்கும் ஒரு நடுத்தர உணவகத்தை எடுத்துக்கொள்வோம். பரிமாறுபவர்களை மட்டும் கணக்கில் வைப்போம். சமையலறைக்கு வேறு கணக்கு. எந்த மணியில் எத்தனை பேர் வேண்டும் என்பது தெரியாமல் எந்த முறையையும் மதிப்பிட முடியாது என்பதால், அந்தத் தேவையைக் கணக்கிடும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேவையைக் கணக்கிடுதல்

பில் மென்பொருளில் மணிவாரியான பில் எண்ணிக்கை கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. பில் பதிவாகும் நேரம், வாடிக்கையாளர் எழுந்து போகும் நேரமாகும். அவர் வந்து உட்கார்ந்தது அதற்கு முக்கால் மணியோ ஒரு மணியோ முன்பு. பரிமாறுபவருக்கு வேலை இருந்ததும் அந்த இடைவெளியில்தான். பில் எண்ணிக்கை இரவு ஒன்பது மணிக்கு உச்சம் காட்டினால், கூடத்தில் உச்சம் எட்டு மணிக்கே வந்துவிட்டது என்று பொருள். பில் நேரத்தை மட்டும் நம்பிப் போட்ட பட்டியலில் ஆட்கள் எப்போதும் கூட்டத்துக்குப் பின்னால் வந்து சேர்வார்கள். மேசை திறந்த நேரமும் பதிவாகும் மென்பொருளாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் பில் நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மணியிலும் நிரம்பியிருந்த மேசைகளை, ஒருவர் கவனிக்கக்கூடிய மேசைகளால் வகுத்து, வரும் பின்னத்தை மேலே முழுமையாக்கினால் தேவையான ஆட்கள் கிடைப்பார்கள். ஒருவர் நான்கு மேசையைப் பார்ப்பாரா, ஆறு மேசையைப் பார்ப்பாரா என்பது அந்தந்த உணவகத்தின் பரிமாறும் முறையைப் பொறுத்தது. கடந்த எட்டு வாரங்களின் கணக்கை எடுத்து, விழா நாட்களை நீக்கிவிட்டு, சாதாரண நாட்களுக்கு நடு மதிப்பையும், வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளுக்கு எட்டு வாரங்களில் இரண்டாவது உச்சமாக வந்த எண்ணையும் வைத்துக்கொள்வது நல்லது. வார இறுதிக்குச் சராசரியை வைத்தால் ஏறக்குறைய பாதி வாரங்களில் ஆள் குறையும். வருமானம் மிகுந்த மணியில் அந்தக் குறை ஏற்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

இப்படிக் கணக்கிட்டதில் நம் எடுத்துக்காட்டு உணவகத்தின் தேவை கீழ்க்கண்டவாறு வருகிறது என்று கொள்வோம்.

| நேரம் | திங்கள் முதல் வியாழன் வரை | சனி, ஞாயிறு |
|---|---|---|
| 11–12 | 2 | 2 |
| 12–1 | 3 | 4 |
| 1–2 | 4 | 6 |
| 2–3 | 3 | 5 |
| 3–4 | 2 | 3 |
| 4–5 | 2 | 2 |
| 5–6 | 2 | 3 |
| 6–7 | 3 | 5 |
| 7–8 | 5 | 8 |
| 8–9 | 5 | 8 |
| 9–10 | 4 | 6 |
| 10–11 | 2 | 3 |

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை சாதாரண நாளாகவும், அதற்குப் பிறகு வார இறுதியாகவும் நடந்துகொள்ளும். கூட்டிப் பார்த்தால் சாதாரண நாளுக்கு 37 மணி, வெள்ளிக்கு 49 மணி, சனி, ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் 55 மணி உழைப்பு தேவை. வாரத்துக்கு மொத்தம் 307 மணி.

இப்போதுள்ள முறை

இத்தகைய உணவகங்களில் சாதாரணமாகக் காணப்படுவது எட்டு மணி நேர ஷிஃப்ட் இரண்டு: 11 முதல் 7 வரை நான்கு பேர், 3 முதல் 11 வரை ஆறு பேர், ஏழு நாளும் ஒரே மாதிரி. நாளுக்கு 80 மணி, வாரத்துக்கு 560 மணி. ஒருவருக்கு வாரம் 40 மணி என்றால் 14 பேருக்குச் சம்பளம்.

இதில் வீண் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விடை தெளிவாகவே இருக்கும். பிற்பகல் 3 மணி முதல் மாலை 7 மணி வரை இரண்டு ஷிஃப்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. சாதாரண நாளில் அந்த நான்கு மணியில் பத்துப் பேர் கூடத்தில் இருக்கிறார்கள். தேவையோ இரண்டு அல்லது மூன்று பேர். ஒரே நாளில் 31 மணிச் சம்பளம் இந்த இடைவெளியில் மட்டும் கரைகிறது. அதே வாரத்தில் சனிக்கிழமை இரவு ஏழு முதல் ஒன்பது வரை எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேரே இருக்கிறார்கள். அன்று மதியமும் ஆள் குறைகிறது. ஆகவே சும்மா நிற்பதும் போதாமல் போவதும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. கூட்டம் மூன்று மணி நேரம் நீடிக்கிறது, ஷிஃப்ட் எட்டு மணி நேரம் நீடிக்கிறது என்பதே அந்தக் காரணம்.

அன்றன்று பார்த்துக் கூட்டுவதும் குறைப்பதும்

பலர் முதலில் நாடும் வழி இது. பட்டியலை மாற்றாமல் வைத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நாளில் சிலரை முன்னதாக அனுப்பிவிடுவது; கூட்டம் மிகுந்தால் விடுப்பில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைப்பது. செலவு உடனே குறைவதாகத் தோன்றும். இதை நான் பரிந்துரைக்கவில்லை. மாதக் கடைசியில் எவ்வளவு வரும் என்று தெரியாத பணியாளர் வேறு வேலை தேடத் தொடங்குவார். எளிதில் வேறு வேலை கிடைப்பவரே முதலில் போவார். மேலும் இது சட்டச் சிக்கலையும் உண்டாக்கலாம். எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பெரிய சில்லறை வணிக, உணவக, விடுதி நிறுவனங்கள் டூட்டிப் பட்டியலை 14 நாட்களுக்கு முன்பே தர வேண்டும் என்றும், பிறகு மாற்றினால் ஈடு தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் இந்த முறை மூல காரணத்தைத் தொடுவதில்லை. மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் இடையிலான படிவு அப்படியே இருக்கும்.

பிரேக் ஷிஃப்ட்

ஒருவரே மதியம் 11 முதல் 3 வரை வேலை செய்து, வெளியே போய்விட்டு, இரவு 7 முதல் 11 வரை மீண்டும் வருவது பிரேக் ஷிஃப்ட். கணக்கில் இது மிகவும் வலுவானது. சாதாரண நாளில் 11–7 ஒருவர், 3–11 இருவர், பிரேக் ஷிஃப்டில் மூவர் என்று ஆறு பேரை வைத்தால் மதிய உச்சத்துக்கு நான்கு பேரும், இடைவேளைக்கு மூவரும், இரவு உச்சத்துக்கு ஐவரும் கிடைத்துவிடுகிறார்கள். பத்துப் பேர் செய்த வேலைக்கு ஆறு பேர் போதும். 80 மணிக்குப் பதிலாக 48 மணி. வெள்ளிக்கு ஒன்பது பேர், சனி, ஞாயிறுக்குப் பத்துப் பேர் வீதம் வாரம் முழுவதும் போட்டால் 424 மணி வரும். வார இறுதியில் ஒரு மணியிலும் ஆள் குறையாது.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு செலவைப் பணியாளரின் தோளில் ஏற்றிவிட்டுத் தன்னைச் சிக்கனமாகக் காட்டிக்கொள்கிறது. எட்டு மணிச் சம்பளத்துக்கு அவருடைய பன்னிரண்டு மணி நேரம் போகிறது. அருகில் வீடு இருப்பவருக்கு நடுவில் உள்ள நான்கு மணி ஓய்வு. தொலைவில் இருப்பவருக்கு அது காத்திருப்பு மட்டுமே, அல்லது இரட்டைப் பயணம். முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் இடையே எவ்வளவு நேரம் பரவலாம் என்று பல நாடுகளில் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. இரவு 11 மணிக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே கட்டாய ஓய்வு கேட்கும் சட்டங்களும் உண்டு. பட்டியல் போடும் முன் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். வாரத்தில் ஐந்து நாளும் ஒருவருக்குப் பிரேக் ஷிஃப்ட் விழுந்தால், அவர் நெடுநாள் தங்கமாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன பட்டியலில் வாரத்துக்கு 24 பிரேக் ஷிஃப்ட் வருகின்றன. 424 மணிக்கு வேண்டிய பதினோரு பேரில் விரும்பி ஏற்பவர் மூவர், நால்வர் மட்டுமே என்றால், மீதியை விருப்பமில்லாதவர்கள்மேல்தான் சுமத்த வேண்டியிருக்கும்.

குறு ஷிஃப்ட்

மூன்றாவது வழி, கூட்டம் இருக்கும் மூன்று நான்கு மணிக்கு மட்டும் பகுதி நேரப் பணியாளர்களை வைப்பது. சாதாரண நாளில் 11–7 ஒருவர், 3–11 இருவர் என்ற முதுகெலும்பை அப்படியே வைத்துக்கொண்டு, மதியத்துக்கு 11–3 ஒருவர், 12–3 இருவர், இரவுக்கு 7–10 மூவர் என்று சேர்க்கலாம். நாளுக்கு 43 மணி ஆகிறது. தேவையான 37 மணிக்கு மேல் ஆறு மணி மட்டுமே மிச்சம். அந்த ஆறு மணியும் வீண் அல்ல. முழு நேரப் பணியாளர்களின் சாப்பாட்டு இடைவேளைக்கும், மேசைகளைத் துடைத்து மாலைக்கு ஒழுங்கு செய்வதற்கும் அது வேண்டும். உபரியைச் சுழியம்வரை கொண்டுபோக முயல்பவர்கள் இந்த வேலைகளை ஓவர்டைமில் செய்துமுடிக்கிறார்கள்.

இதேபோல் வார இறுதியில் 11–7 இருவர், 3–11 மூவர், மதியம் 12–3 நால்வர், இரவு 7–10 ஐவர் என்று போட்டால் 67 மணி. வெள்ளிக்கு 58 மணி. வாரம் முழுவதும் சேர்த்து 364 மணி. பிரேக் ஷிஃப்டைவிட 60 மணி குறைவு, இப்போதுள்ளதைவிட 196 மணி குறைவு.

இந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் வாரத்துக்கு 50 குறு ஷிஃப்ட் இருக்கின்றன. ஒருவர் வாரத்துக்கு நான்கு முறை வருவார் என்றாலும் பதின்மூன்று பகுதி நேரப் பணியாளர்கள் வேண்டும். அவர்களைத் தேடிப் பிடித்து, மேசை எண்களையும் உணவுப் பட்டியலையும் கற்றுக்கொடுத்து, ஒவ்வொருவரும் எந்த நாளில் வர முடியும் என்ற விவரத்தைப் பராமரிப்பது தனி வேலை. சாதாரண நாட்களில் மதியம் மூன்று மணி நேரத்துக்காக மட்டும் வருவதற்கு ஆள் கிடைப்பதும் கடினம். பகுதி நேர வேலையை நாடுபவர்களில் படிப்பவர்கள் பலர், அவர்களுக்கு அந்த நேரத்தில் வகுப்பு இருக்கும். நிரப்ப முடியாத ஷிஃப்டைப் பட்டியலில் எழுதிவைப்பதால் சிக்கனம் வந்துவிடாது.

காகிதத்தில் தெரியும் 364 மணியும் உண்மையில் நிற்காது. முதுகெலும்பு ஷிஃப்டுகள் வாரத்துக்கு 26 வருகின்றன. ஆளுக்கு ஐந்து டூட்டி என்றால் ஐந்து பேர் போதாது, ஆறு பேர் வேண்டும். முழு நேரப் பணியாளருக்கு 40 மணிச் சம்பளம் உறுதி என்றால் ஆறு பேருக்கு 240 மணி, குறு ஷிஃப்டுகளுக்கு 156 மணி, ஆக 396 மணி. இதே கண்ணோடு பிரேக் ஷிஃப்டைப் பார்த்தால் 424 மணிக்கு 11 பேர் வேண்டும்; சம்பளம் 440 மணிக்கு. முறைகளை ஒப்பிடும்போது தேவைப்படும் மணியைவிட, கடைசியில் சம்பளமாகப் போகும் மணியையே வைத்து ஒப்பிட வேண்டும்.

இரண்டையும் கலந்து போடுவது

எட்டு வாரத் தேவைக் கணக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. சாதாரண நாட்களில் உச்சம் சிறியது, வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. வார இறுதியில் உச்சம் பெரியது, படிப்பவர்களும் வேறு வேலையில் இருப்பவர்களும் ஓய்வாக இருக்கும் நேரத்தில் வருகிறது. ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை பிரேக் ஷிஃப்டும், வெள்ளி முதல் ஞாயிறு வரை குறு ஷிஃப்டும் போடுவதே இந்த உணவகத்துக்குப் பொருத்தம் என்பது என் முடிவு.

விவரமாகப் பார்ப்போம். திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஆறு பேர், மூவர் நேர் ஷிஃப்டில், மூவர் பிரேக் ஷிஃப்டில். வாரத்துக்குப் பிரேக் ஷிஃப்ட் 12 மட்டுமே. விருப்பமுள்ள மூன்று பேரிடமே பிரித்துக் கொடுத்துவிடலாம், அல்லது எல்லோருக்கும் வாரத்தில் ஒன்றோ இரண்டோ விழும்படி சுழற்றலாம். வெள்ளியன்று முழு நேரத்தினர் நால்வர், சனியும் ஞாயிறும் ஐவர். மீதியைக் குறு ஷிஃப்ட் பார்த்துக்கொள்ளும். முழு நேர டூட்டிகள் மொத்தம் 38. எட்டுப் பேர் இருந்தால் 40 டூட்டி கையில் இருக்கும்; மிச்சமுள்ள இரண்டை, யாராவது விடுப்பெடுத்தால் ஈடுகட்டுவதற்காகச் சனி, ஞாயிறு மாலையில் வைக்கலாம். குறு ஷிஃப்டுகள் 26, ஆளுக்கு மூன்று என்றால் ஒன்பது பகுதி நேரத்தினர். சம்பள மணி முழு நேரத்துக்கு 320, பகுதி நேரத்துக்கு 80, ஆக 400. குறு ஷிஃப்டை மட்டும் நம்பிய முறையைவிட நான்கு மணி அதிகம். ஆனால் தேட வேண்டிய பகுதி நேர ஆட்கள் பதின்மூன்று பேருக்குப் பதிலாக ஒன்பது பேர், அதுவும் கிடைக்கக்கூடிய நேரத்தில்.

இந்தக் கலப்பு முறையில் கணக்குப் புத்தகத்தில் தெரியாத ஓர் ஆதாயமும் உண்டு. வார இறுதியில் எட்டு முழு நேரத்தினரில் ஐவரோ அறுவரோ வந்தால் போதும் என்பதால், ஒவ்வொரு வாரமும் இருவர் சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுக்க முடியும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் முழு வார இறுதி கிடைக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் அறிவேன். திருமணத்துக்கும் வீட்டு விசேஷத்துக்கும் போக முடியாமலே ஆண்டுகள் கழித்தவர்கள் அவர்கள்.

பகுதி நேரத்தினருக்கு மணிச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழும். பிரேக் ஷிஃப்ட் முறையின் 440 மணிக்கும் இதற்கும் 40 மணி இடைவெளி இருக்கிறது. பகுதி நேர மணிகள் 80. ஆகவே மணிச் சம்பளம் ஒன்றரை மடங்கு ஆகும்வரை கலப்பு முறை நட்டமில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது குறைந்தபட்ச ஷிஃப்ட் நீளம். ஆளை அழைத்தால் நான்கு மணிச் சம்பளமாவது தர வேண்டும் என்ற விதியோ உடன்பாடோ இருக்குமானால், பகுதி நேர மணிகள் 80-லிருந்து 104 ஆகிவிடும், இடைவெளி 16 மணியாகச் சுருங்கும். அப்போது பிரேக் ஷிஃப்டுக்கு மனமுவந்து வருபவர்கள் நிறைய இருக்கும் உணவகம், கலப்பு முறைக்கு மாறாமல் இருப்பதிலும் நியாயம் இருக்கிறது.

மாற்றிய பிறகு பார்க்க வேண்டியவை

புதிய பட்டியலை இரண்டு வாரம் முன்பே அறிவித்து, குறைந்தது நான்கு வாரம் மாற்றாமல் நடத்திப் பார்க்க வேண்டும். நிலையான நேரம் வியாபாரத்துக்கும் உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும் உள்ள கேப் துணிக்கடைகளில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பணி நேரத்தை நிலைப்படுத்திய கடைகளில் விற்பனை சுமார் 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. துணிக்கடையின் எண்ணை உணவகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் பழகிய முகங்கள் பழகிய நேரத்தில் வேலைக்கு இருப்பது இரண்டு இடத்திலும் பயன் தருவதுதான்.

முதல் வாரத்தில் பெரும்பாலும் தடுமாறும் இடம் இரவு ஏழு மணி. 11–7 ஷிஃப்ட் அப்போது வெளியேறுகிறது, குறு ஷிஃப்ட் அப்போதே உள்ளே வருகிறது, கூடமும் அப்போதே நிரம்புகிறது. உடை மாற்றி, அன்று எது இல்லை என்று கேட்டுக்கொண்டு, மேசைகளைக் கைமாற்றி வாங்குவதற்குள் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். ஏழு மணியிலிருந்து ஏழே கால் வரை உட்கார்ந்தவர்களிடமிருந்து மட்டும் தாமதப் புகார் வந்தால், காரணம் ஆள் குறைவு அன்று; குறு ஷிஃப்டின் தொடக்கத்தை 6:45-க்கு நகர்த்தினால் போதும்.

மற்றொன்று, இரவு பத்து மணிக்கு முடிய வேண்டிய குறு ஷிஃப்ட் உண்மையில் எத்தனை மணிக்கு முடிகிறது என்பது. வருகைப் பதிவிலிருந்து இதை வாராவாரம் எடுத்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் தொடர்ந்து 10:30 ஆகிறது என்றால், கடைசி மணிக்கு மூவர் போதும் என்ற கணக்கு தவறு. ஒருவருடைய ஷிஃப்டை 8–11 ஆக மாற்றினால் மற்றவர்கள் நேரத்தோடு கிளம்பலாம். அவ்வாறு மாற்றும்போது ஏழு மணிக்கு ஒருவர் குறைவார் என்பதால், காப்பாக வைத்துள்ள இரண்டு முழு நேர டூட்டிகளில் ஒன்றை அந்த மாலைக்கு உறுதியாக ஒதுக்கிவிட்டே இதைச் செய்ய வேண்டும்.